சேற்றில் புதைந்த நாட்காட்டி

நுழையும் முன்

மண்ணில் புதைந்த ஓர் இலையோ தண்டோ எத்தனை ஆண்டுகளுக்கு முன் உயிரோடு இருந்தது என்பதை அறியக் கார்பன் காலக் கணிப்பு உதவுகிறது. ஆய்வகம் ஓர் எண்ணைத் தருகிறது. ஆனால், அந்த எண்ணை அப்படியே நாட்காட்டி ஆண்டாகக் கொள்ளுதல் இயலாது. சில நூற்றாண்டுகளுக்கு மட்டுமே முற்பட்ட பொருள்களில் இந்தப் பிழை நூறு ஆண்டுகளையும் தாண்டக்கூடும். பிழை எவ்வாறு நேர்கிறது, அதை அறிஞர்கள் எவ்வாறு திருத்துகின்றனர் என்பதை வட அமெரிக்கக் கடற்கரையில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

1. கழிமுகத்தில் நின்ற பட்டமரங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோபாலிஸ் என்னும் சிற்றாறு பசிபிக் பெருங்கடலில் கலக்கிறது. அதன் கழிமுகத்தருகே இலையும் கிளையும் இழந்த செடார் மரங்கள் வெளிறிய தூண்களைப் போல நிற்கின்றன. அவற்றைச் சுற்றிலும் உவர்நீர்ச் சதுப்பு பரந்துள்ளது. செடார் மரம் உவர்நீரில் வளராது. ஆகவே, அம்மரங்கள் முளைத்த காலத்தில் அந்நிலம் கடல்நீர் எட்டாத உயரத்தில் இருந்திருக்க வேண்டும்.

1980களில் பிரையன் அட்வாட்டர் என்னும் நிலவியலாளர் அக்கடற்கரையின் ஆற்றங்கரைகளை ஆராய்ந்தார். ஓதம் வடிந்த வேளைகளில் கரையின் வெட்டுமுகத்தில் மண்ணடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. அடியில் புல்லும் செடியும் வளர்ந்த கரிய மண் இருந்தது. அதன்மேல், பல இடங்களில், மெல்லிய மணலடுக்கு படிந்திருந்தது. அதற்கும் மேலே ஓதநீர் கொண்டுவந்த சாம்பல்நிறச் சேறு கிடந்தது. புதைந்த புற்களின் தண்டுகள் வேரூன்றிய இடத்திலேயே மணலுக்குள் நின்றன. நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்திருந்தால் புற்கள் மக்கியிருக்கும். அவை சிதையாமல் இருந்தமையால், நிலம் திடீரெனத் தாழ்ந்தது என்பதும், உடனே கடலலை மணலை வாரி இறைத்தது என்பதும் புலப்பட்டன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையிலும் இத்தகைய மணலடுக்கை விட்டுச் சென்றது.

நிலம் தாழ்ந்ததற்கும் அலை எழுந்ததற்கும் காரணம் பெரும் நிலநடுக்கம். கேஸ்கேடியா என்று அழைக்கப்படும் அக்கடற்கரைப் பகுதி ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நீளமுடையது. அங்கே கடலடி நிலத்தட்டு ஒன்று கண்டத்தின் அடியில் புகுந்து செல்கிறது. அந்நீளம் முழுவதும் ஒரே நேரத்தில் உடைந்ததா, அல்லது பகுதி பகுதியாகப் பல ஆண்டு இடைவெளியில் உடைந்ததா என்பதே அறிஞர்களின் முன்னிருந்த வினா. முழுவதும் ஒருங்கே உடைந்திருந்தால் நிலநடுக்கத்தின் அளவு 9ஐ எட்டியிருக்கும். சியாட்டில், போர்ட்லாந்து போன்ற நகரங்களின் கட்டடங்களும் பாலங்களும் எத்தகைய அதிர்வைத் தாங்க வேண்டும் என்பது இவ்வினாவின் விடையைப் பொறுத்தது. விடை காண, ஒவ்வோர் இடத்திலும் மரமும் புல்லும் மடிந்த ஆண்டை அறிய வேண்டியிருந்தது.

2. கார்பன் என்னும் கடிகாரம்

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உயரத்தில் நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. அந்நியூட்ரான்கள் நைட்ரஜன் அணுக்களைத் தாக்கும்போது கார்பன்-14 தோன்றுகிறது. இது இயல்பான கார்பனைப் போலவே ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டைஆக்சைடாகிறது. தாவரங்கள் அதை உட்கொள்கின்றன. தாவரத்தின் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்னும் அளவில் கார்பன்-14 அமைகிறது.

கார்பன்-14 நிலையற்றது. 5730 ஆண்டுகளில் அதன் அணுக்களில் பாதி சிதைந்துவிடும். இதுவே அதன் அரை ஆயுட்காலம். தாவரம் உயிரோடு உள்ளவரை புதிய கார்பனைப் பெற்றுக்கொண்டே இருக்கும். மடிந்தபின் வரவு நின்றுவிடும். சிதைவு மட்டும் தொடரும். எஞ்சியுள்ள அளவைக் கொண்டு, மடிந்தபின் கழிந்த காலத்தைக் கணக்கிடலாம். இம்முறையை வில்லர்டு லிப்பி என்னும் வேதியியலாளர் 1940களின் இறுதியில் தம் குழுவினருடன் உருவாக்கினார். அதற்காக 1960இல் நோபல் பரிசு பெற்றார்.

ஐயாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பொருளில் ஏறத்தாழப் பாதிக் கார்பன்-14 மறைந்திருக்கும். ஆனால், முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள பொருளில் மறைந்திருப்பது நூற்றில் மூன்றரைப் பங்குதான். அந்தச் சிறு குறைவையே ஆய்வகம் அளக்க வேண்டும். அளவீட்டில் நூற்றில் ஒரு பங்கு பிசகினால் கணக்கில் ஏறத்தாழ 80 ஆண்டுகள் பிசகும். எனவே, அண்மைக் காலப் பொருள்களுக்கு மிக நுட்பமான அளவீடு தேவைப்படுகிறது.

3. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது

ஆய்வகம் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், தவறான பொருளைக் கொடுத்தால் தவறான விடையே கிடைக்கும். சேற்றுப் படிவில் பல காலத்துப் பொருள்கள் கலந்து கிடக்கும். ஆற்றுநீர் அடித்துவந்த பழைய மரத்துண்டு, அது தங்கிய சேற்றைவிட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மூத்ததாக இருக்கலாம். மேலே வளர்ந்த செடியின் வேர் கீழுள்ள அடுக்கில் புகுந்திருந்தால், அது அடுக்கைவிட இளையது. கடற்சிப்பியிலும் சிக்கல் உண்டு. ஆழ்கடலில் நெடுங்காலம் தங்கிய நீரில் கார்பன்-14 குறைந்திருக்கும். அந்நீரிலிருந்து ஓடு கட்டிய சிப்பி, உயிரோடு இருக்கும்போதே சில நூறு ஆண்டு முதியதாகத் தோன்றும். ஒரு பிடிச் சேற்றை அப்படியே அளந்தாலோ, இவை அனைத்தும் கலந்த ஒரு சராசரியே கிடைக்கும்.

ஆகவே, கேஸ்கேடியா ஆய்வாளர்கள் இருவகைப் பொருள்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்று, மணலடுக்கின் அடியில் வேரூன்றியபடியே நின்ற சதுப்புச் செடிகளின் தண்டுகள். அவை ஓரிரு ஆண்டுகளே வாழ்பவை. நின்ற இடத்திலேயே மடிந்தவை. மற்றொன்று, பட்டை உரியாத மர அடிகள். பட்டை இருந்தால் அதன் உட்புறம் உள்ள வளையமே மரத்தின் கடைசி வளையம் என்று உறுதியாகக் கூறலாம். பட்டை உரிந்த மரத்தில் வெளிவளையங்கள் எத்தனை தேய்ந்து போயின என்பதை அறிய வழியில்லை.

தேர்ந்தெடுத்த பொருளை ஆய்வகத்தில் முதலில் அமிலத்தாலும், பின்னர்க் காரத்தாலும், மீண்டும் அமிலத்தாலும் கழுவுவர். மண்ணிலிருந்து ஊறிய சுண்ணாம்பும் மக்கிய சாறும் இதனால் நீங்கும். பொருளுக்கே உரிய கார்பன் மட்டும் எஞ்சும்.

4. எண் வேறு, ஆண்டு வேறு

ஆய்வகம் தரும் எண்ணுக்குக் கார்பன் வயது என்று பெயர். இது 1950ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. 1700ஆம் ஆண்டில் மடிந்த ஒரு புல்தண்டை எடுத்துக்கொள்வோம். 1950இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அதன் உண்மை வயது 250. ஆயினும், அதன் கார்பன் வயது ஏறத்தாழ 120 என்றே கிடைக்கும். அந்த எண்ணை நேரே கழித்தால் புல் மடிந்த ஆண்டு 1830 என்று ஆகும்.

இவ்விடை தவறு என்பதை வரலாறே காட்டிவிடும். லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணக்குழு 1805இலேயே கொலம்பியா ஆற்றின் கழிமுகத்தை அடைந்துவிட்டது. 1820களில் அவ்வாற்றங்கரையில் வணிகர்களின் கோட்டை இருந்தது. 1830இல் அக்கடற்கரை தாழ்ந்து ஆழிப்பேரலை எழுந்திருந்தால் அவர்கள் எழுதி வைத்திருப்பர். அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை.

கருவியிலும் பிழையில்லை, புல்லிலும் பிழையில்லை. அப்படியாயின் 130 ஆண்டு வேறுபாடு எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் செய்துகொண்ட ஓர் ஊகத்திலிருந்து வந்தது. வளிமண்டலத்தில் கார்பன்-14இன் அளவு எக்காலத்தும் மாறாமல் இருந்தது என்பதே அவ்வூகம். உண்மையில் அது கூடியும் குறைந்தும் வந்துள்ளது. 1958இல் ஹெஸ்ஸல் டி ஃப்ரீஸ் என்னும் டச்சு அறிஞர் இதை எடுத்துக்காட்டினார்.

ஏறத்தாழ 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகள் மிக அரிதாகவே தோன்றின. சூரியனின் செயல்பாடு தளர்ந்திருந்த காலம் அது. சூரியனிலிருந்து வீசும் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும் கேடயம் போன்றது. கேடயம் தளர்ந்தபோது கதிர்கள் மிகுதியாகப் புகுந்தன. கார்பன்-14 மிகுதியாகத் தோன்றியது. 1700இல் வளர்ந்த புல் வழக்கத்தைவிடக் கூடுதலான கார்பன்-14உடன் தன் கணக்கைத் தொடங்கியது. இன்று அதை அளக்கும்போது எஞ்சியிருப்பது எதிர்பார்த்ததைவிட மிகுதியாக உள்ளது. அதனால் புல் இளையதாகத் தோன்றுகிறது. முழுக் குடத்திலிருந்து நீர் கசிவதாக எண்ணி நேரத்தைக் கணக்கிடுபவர், குடம் முதலில் வழிய வழிய நிறைந்திருந்ததை அறியாவிட்டால் நேரத்தைக் குறைத்தே சொல்வார். அதைப் போன்றதே இது.

தெரிந்து தெளிவோம்

நிலக்கரி பல கோடி ஆண்டுப் பழமையுடையது. அதில் கார்பன்-14 அறவே இல்லை. தொழிற்சாலைகள் பெருகி நிலக்கரி எரிக்கப்பட்டபோது வளிமண்டலத்தின் கார்பன்-14 நீர்த்துப்போனது. இதனால் 1950இல் வளர்ந்த மரவளையமே ஏறத்தாழ 200 ஆண்டு முதியதாகத் தோன்றுகிறது. அதன்பின் அணுகுண்டுச் சோதனைகள் கார்பன்-14ஐப் பெருக்கின. 1960களின் நடுவில் வடகோளத்தில் அது ஏறத்தாழ இருமடங்கானது. அக்காலத்துக்குப் பிற்பட்ட பொருள் சேற்றில் கலந்திருந்தால் இந்த மிகுதியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

5. மரவளையம் தரும் திருத்தம்

குடம் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு நிறைந்திருந்தது என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும். அப்பதிவேடு மரங்களில் உள்ளது. குளிர்நாட்டு மரம் ஆண்டுக்கு ஒரு வளையத்தைச் சேர்க்கிறது. வளையம் உருவான பின்னர் அதில் புதிய கார்பன் பெரும்பாலும் சேர்வதில்லை. எனவே, ஒவ்வொரு வளையமும் தான் வளர்ந்த ஆண்டின் காற்றைத் தன்னுள் காத்து வைத்துள்ளது.

வளையங்களை எண்ணினால் அவை வளர்ந்த ஆண்டு தெரியும். அதே வளையங்களை ஆய்வகத்தில் அளந்தால் அவற்றின் கார்பன் வயது தெரியும். இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து வரைந்தால் ஒரு கோடு கிடைக்கிறது. உயிருள்ள மரங்களோடு, பழங்கட்டடங்களின் விட்டங்களையும் சேற்றில் புதைந்த மரங்களையும் இணைத்து, அயர்லாந்து, ஜெர்மனி, கலிபோர்னியா முதலிய இடங்களில் இக்கோடு பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கி நீட்டப்பட்டது. கார்பன் வயதை இக்கோட்டில் பொருத்தி நாட்காட்டி ஆண்டைக் காண்பதே அளவுத்திருத்தம் எனப்படும்.

வளிமண்டலம் மாறாதிருந்தால் இது நேர்கோடாக இருந்திருக்கும். மாறியதால் இது மேடும் பள்ளமுமாக வளைந்து செல்கிறது. 1630களிலிருந்து 1690 வரை கோடு செங்குத்தாக இறங்குகிறது. இந்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் கார்பன் வயது 150க்கும் மேல் குறைகிறது. 1700 முதல் 1720 வரை அது தாழ்ந்த நிலையில் நிற்கிறது. பிறகு மெல்ல ஏறி, 1790 அளவில் 220ஐ எட்டுகிறது. மீண்டும் இறங்கி, 1810களிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் 100க்கும் 140க்கும் இடையே தங்குகிறது.

இப்போது புல்தண்டின் கார்பன் வயதான 120ஐக் கோட்டில் பொருத்தினால், கோடு ஓரிடத்தில் மட்டும் பொருந்துவதில்லை. 1690 முதல் 1730 வரையுள்ள பகுதியிலும் பொருந்துகிறது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பொருந்துகிறது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பொருந்துகிறது. அளவுத்திருத்தம் சரியான ஆண்டைத் தன் விடைக்குள் அடக்கிக்கொண்டது. ஆனால், ஒரே விடையைத் தரவில்லை. பிந்தைய காலங்களை எழுத்துச் சான்றுகள் விலக்கின. அப்போதும் நாற்பது ஆண்டு இடைவெளி எஞ்சியது. மீண்டும் மீண்டும் அளந்தாலும் இவ்விடைவெளி பெரிதும் சுருங்காது. ஏனெனில், இது கருவியின் குறையன்று; கோட்டின் வடிவம்.

6. ஒரு மரத்தின் கணக்கு

இந்தத் தடையை 1991இல் அட்வாட்டர், மின்ஸ் ஸ்டூவர், டேவிட் யமகுச்சி ஆகியோர் நயமாகக் கடந்தனர். கோட்டின் தட்டையான பகுதி விடை தராது. செங்குத்தான பகுதியோ கூர்மையான விடை தரும். 1700ஐ ஒட்டி மடிந்த மரம், தான் மடிவதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் அச்செங்குத்தான காலத்தில்தான் வளர்ந்திருக்கும். எனவே, கடைசி வளையத்தை அளப்பதைவிட உள்ளே சென்று பழைய வளையங்களை அளந்து, பிறகு பட்டைவரை உள்ள வளையங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

இம்முறையைப் புரிந்துகொள்ள, முழு எண்களில் அமைந்த மாதிரிக் கணக்கு ஒன்றைக் காணலாம். பட்டையுள்ள ஒரு மரத்தில் மூன்று துண்டுகள் எடுக்கப்படுகின்றன.

முதல் துண்டு: பட்டையிலிருந்து 60 முதல் 70ஆம் வளையம் வரை. கார்பன் வயது 340.
இரண்டாம் துண்டு: 40 முதல் 50ஆம் வளையம் வரை. கார்பன் வயது 245.
மூன்றாம் துண்டு: பட்டையை ஒட்டிய 10 வளையங்கள். கார்பன் வயது 130.

இரண்டாம் துண்டைத் தனியே நோக்கினால், அது 1650களில் பொருந்தும். அளவீட்டுப் பிழையைக் கருதினால் 1790ஐ ஒட்டியும் பொருந்தக்கூடும். நடுவிலிருந்து பட்டைவரை 45 வளையங்கள். அவற்றைக் கூட்டினால் மரம் மடிந்த ஆண்டு 1700 அல்லது 1835 எனக் கிடைக்கும். எது சரி? முதல் துண்டு முடிவு கூறுகிறது. மரம் 1835இல் மடிந்திருந்தால், முதல் துண்டு 1770ஐ ஒட்டி வளர்ந்திருக்கும். அக்காலத்து வளையங்களின் கார்பன் வயது 200 அளவிலேயே இருக்கும். 340 இருக்க இயலாது. மரம் 1700இல் மடிந்திருந்தால் முதல் துண்டு 1635ஐ ஒட்டி வளர்ந்திருக்கும். அப்போது கோடு 340ஐ ஒட்டியே உள்ளது. மூன்றாம் துண்டும் 1690களோடு ஒத்துப்போகிறது. ஒரு துண்டு பல இடங்களில் பொருந்தலாம். தம்முள் இடைவெளி தெரிந்த மூன்று துண்டுகள் ஒருங்கே ஓரிடத்தில்தான் பொருந்தும்.

இவ்வாறு நிகழ்ந்த நுட்பமான ஆய்வுகளின் பயனாக, நிலநடுக்கம் 1680க்கும் 1720க்கும் இடையே நேர்ந்தது என்று கார்பன் காலக் கணிப்பே உறுதிப்படுத்தியது. கடற்கரையின் பல இடங்களில் எடுத்த பொருள்களும் இக்காலத்தோடு ஒத்தன. ஆயினும், ஒன்றை அம்முறையால் கூற இயலவில்லை. ஒரே நாளில் நேர்ந்த ஒரு பெரும் நிலநடுக்கத்தையும், சில ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்து நேர்ந்த பல நிலநடுக்கங்களையும் கார்பன் கடிகாரம் வேறுபடுத்திக் காட்டாது. அதன் முள் அவ்வளவு நுண்மையாக நகர்வதில்லை.

7. கடலுக்கு அப்பால் கிடைத்த விடை

எஞ்சிய விடை பசிபிக் பெருங்கடலின் மறுகரையில் இருந்தது. 1700ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் ஜப்பானின் கிழக்குக் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் கடல்நீர் புகுந்து வீடுகளையும் வயல்களையும் அழித்தது. வணிகர்களும் ஊர் அலுவலர்களும் அதைக் குறித்து வைத்தனர். ஆனால், அங்கே எவரும் நிலநடுக்கத்தை உணரவில்லை. தாய் அறியாத பிள்ளையைப் போல அந்த அலை நெடுங்காலம் காரணம் தெரியாமல் இருந்தது.

1996இல் கெஞ்சி சடாகேயும் பிற ஜப்பானிய அறிஞர்களும், அந்த அலை கேஸ்கேடியாவிலிருந்து வந்தது என்று அறிவித்தனர். அலை கடலைக் கடக்கும் நேரத்தைக் கழித்து, 1700 ஜனவரி 26 இரவு 9 மணியளவில் நிலம் நடுங்கியது என்று கணக்கிட்டனர். ஜப்பானில் அலை எழுந்த உயரத்தைக் கொண்டு நோக்கினால், கேஸ்கேடியா முழுவதும் ஒருங்கே உடைந்திருக்க வேண்டும். அளவு ஏறத்தாழ 9. ஏடுகளில் காரணமற்ற அலைகள் வேறு பலவும் இருக்கலாம். குறிப்பிட்ட இந்த அலையைக் கேஸ்கேடியாவோடு இணைக்கும் துணிவை, திருத்தப்பட்ட கார்பன் காலமே தந்தது. 1830 என்னும் திருத்தப்படாத விடையை நம்பியிருந்தால் 1700ஆம் ஆண்டின் ஏட்டை எவரும் புரட்டியிருக்க மாட்டார்.

அடுத்த ஆண்டு யமகுச்சியும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்தனர். பட்டமரங்களின் வேர்களில் பட்டை எஞ்சியிருந்தது. அவற்றின் வளைய அகலங்களை, அதே பகுதியில் உயிரோடிருந்த முதிய மரங்களின் வளைய அகலங்களோடு ஒப்பிட்டனர். கடைசி வளையம் 1699ஆம் ஆண்டில் முழுமையாக வளர்ந்து முடிந்திருந்தது. 1700ஆம் ஆண்டின் வளையம் தொடங்கவே இல்லை. மரங்கள் அவ்விரு வளர்பருவங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மடிந்தன. ஜனவரி 26 அந்த இடைவெளியில் அமைகிறது. வான்கூவர் தீவின் பழங்குடி மக்கள், ஒரு குளிர்கால இரவில் நிலம் அதிர்ந்து கடல் ஓர் ஊரையே கொண்டுசென்றது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த செய்தியும் இதனோடு ஒத்துப்போகிறது.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்
கழிமுகம் – ஆறு கடலில் கலக்கும் இடம்
உவர்நீர் – உப்புநீர்
பட்டமரம் – உயிரற்று நிற்கும் மரம்
படிவு – நீரோ காற்றோ கொண்டுவந்து சேர்த்த மண்
ஊகம் – சான்றின்றி முன்னதாகக் கொள்ளும் கருத்து
அளவுத்திருத்தம் – கார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றுதல்

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கோபாலிஸ் கழிமுகத்தில் செடார் மரங்கள் நின்றது ஏன் வியப்புக்குரியது?
2. பட்டை உரியாத மரத்தை ஆய்வாளர்கள் விரும்பியது ஏன்?
3. கடற்சிப்பி அதன் உண்மை வயதைவிட முதியதாகத் தோன்றுவது ஏன்?

ஆ) விரிவான விடை எழுதுக.
1. 1700இல் மடிந்த புல் 1830இல் மடிந்ததாகத் தோன்றுவதன் காரணத்தைக் குடத்து நீர் உவமையோடு விளக்குக.
2. மரத்தின் ஒரு துண்டு தராத விடையை மூன்று துண்டுகள் எவ்வாறு தருகின்றன?

இ) சிந்தித்து எழுதுக.
ஏரிச் சேற்றில் ஒரே அடுக்கில் ஒரு மெல்லிய இலையும் ஒரு தடித்த மரத்துண்டும் கிடைக்கின்றன. மரத்துண்டின் கார்பன் வயது 600. இலையின் கார்பன் வயது 210. அடுக்கின் காலத்தை அறிய எதை ஏற்பது? ஏன்? ஏற்ற எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்றும்போது எத்தகைய ஐயம் எழும்?

ஈ) பிரித்து எழுதுக.
பட்டமரம், மணலடுக்கு, உவர்நீர், வெளிவளையம்